முற்றத்து வெயிலும் தாழ்வாரத்து இருளும்: பல எக்ஸ்போஷர்களை இயல்பு கெடாமல் இணைப்பது

கேள்வி: காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்தை, தாழ்வாரத்தில் நின்று, பகல் பதினொரு மணி வெயிலில் எடுத்தேன். ஐந்து எக்ஸ்போஷர்களை எச்டிஆராக இணைத்தால் எல்லா விவரமும் வந்துவிடுகிறது. ஆனால் தூணும் சுவரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மொறமொறவென்று இருக்கின்றன. விவரமும் வேண்டும், இயல்பாகவும் இருக்க வேண்டும். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

எச்டிஆர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகள். முதல் வேலை, வெவ்வேறு ஷட்டர் நேரத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து, வெயிலும் இருளும் இரண்டுமே பழுதில்லாமல் பதிவான ஒரே கோப்பை உண்டாக்குவது. இது வெறும் கணக்கு. இதில் படத்தின் தோற்றம் கெடுவதில்லை. இரண்டாவது வேலை, அந்தப் பெரிய ஒளி வேறுபாட்டை நமது திரைக்குள்ளோ காகிதத்துக்குள்ளோ அடங்கும்படி சுருக்குவது. நீங்கள் சொல்லும் மொறமொறப்பு முழுக்க முழுக்க இந்த இரண்டாவது வேலையில் பிறக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டையும் ஒரே பொத்தானில் செய்து முடிப்பதால்தான் தவறு எங்கே நேர்ந்தது என்று தெரியாமல் போகிறது. ஆகவே இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். நீங்கள் எடுத்த காட்சியையே வைத்து விளக்குகிறேன். அதே மாதிரி முற்றங்களை நானும் பலமுறை எடுத்துத் திணறியிருக்கிறேன்.

முதலில் காட்சியை அளக்க வேண்டும். கேமராவை ஐஎஸ்ஓ 100, f/8 என்று வைத்து, ஸ்பாட் மீட்டரை வெயில் விழும் சுண்ணாம்புச் சுவரின் மேல் வையுங்கள். நல்ல வெயிலில் ஏறத்தாழ 1/2500 நொடி என்று காட்டும். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியைத் திருப்பித் தருகிறது. அதை வெள்ளையாகவே வைக்க, ஐந்து மடங்கு நேரம் கொடுத்தால் 1/500 வருகிறது. இதுதான் உங்கள் தொடரின் மிகக் குறைந்த எக்ஸ்போஷர். பிறகு தாழ்வாரத்தின் உள்மூலையை, கதவுக்குப் பின்னாலிருக்கும் அந்த இருண்ட சுவரை அளந்தால் 1 நொடி என்று காட்டலாம். ஒளி இரு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்கிறோம்; 1/2500க்கும் 1 நொடிக்கும் இடையே பதினோரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகமான வேறுபாடு இருக்கிறது.

இப்போது வரும் சென்சார்கள் பதினான்கு ஸ்டாப் தாங்கும் என்கிறார்களே, ஒரே ரா கோப்பு போதாதா என்று கேட்கலாம். 1/500 படத்தில் அந்த இருண்ட மூலை நடுச்சாம்பலுக்கு ஒன்பது ஸ்டாப் கீழே கிடக்கிறது. நடுச்சாம்பலோ சென்சார் நிறைந்து வழியும் எல்லைக்குச் சுமார் மூன்று ஸ்டாப் கீழே. ஆக மொத்தம் பன்னிரண்டு ஸ்டாப். பதினான்கு பிட் கோப்பில் 16,384 படிகள் உண்டு. ஒவ்வொரு ஸ்டாப் இறங்கும்போதும் அது பாதியாகும். பன்னிரண்டு முறை பாதியாக்கினால் மிஞ்சுவது நான்கே நான்கு படிகள். ஒரு முழுச் சுவரின் காரை, கறை, கதவின் மரவரி எல்லாம் அந்த நான்கு படிகளுக்குள் அடங்க வேண்டும். அதைத் தூக்கினால் விவரம் வராது, மணல் கொட்டியதுபோல் நாய்ஸ்தான் வரும். அந்த நாய்ஸின் மேல் மென்பொருள் கூர்மையும் ஏற்றும்போது, மொறமொறப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சரி, எத்தனை படங்கள் வேண்டும்? ரா கோப்பாக எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் இடையே மூன்று ஸ்டாப் இடைவெளி தாராளமாகப் போதும். இந்தக் காட்சிக்கு 1/500, 1/60, 1/8 என்ற மூன்றே படங்கள் போதும். இருண்ட மூலையை நடுச்சாம்பலாக்க 1 நொடி வேண்டும் என்று மீட்டர் சொன்னதே என்று தோன்றும். ஆனால் இருண்ட மூலை இறுதிப் படத்திலும் இருண்டதாகத்தானே இருக்க வேண்டும்? 1/8 படத்தில் அது நடுச்சாம்பலுக்கு மூன்று ஸ்டாப் கீழே இருக்கும்; முன்பு நான்கு படி கிடைத்த இடத்தில் இப்போது 256 படிகள் கிடைக்கின்றன. கண்ணுக்கு இருளாகவும், உள்ளே விவரத்தோடும் காட்ட அது போதுமானது. 1 நொடிப் படத்தையும் சேர்ப்பதில் தீங்கில்லை. ஆனால் அது கையில் இருந்தால் மூலையையும் வெளிச்சமாக்கிக் காட்டும் ஆசை வந்துவிடுகிறது. நான் தொடக்க காலத்தில் ஒரு ஸ்டாப் இடைவெளியில் ஒன்பது படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். படங்கள் கூடக் கூடச் செடியின் இலை அசையும், கொடியில் கிடக்கும் துண்டு அசையும், இணைப்பில் அத்தனையும் பேயாக வந்து நிற்கும்.

எடுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரைபாட், இரண்டு நொடி டைமர், கையால் வைத்த ஃபோகஸ், நிலையான ஒயிட் பேலன்ஸ். துளையையும் ஐஎஸ்ஓவையும் தொடாமல் ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். துளை மாறினால் கூர்மையின் ஆழமும் ஓரத்து இருட்டும் மாறி, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. 1/500 படத்தில் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். கேமரா காட்டுவது ஜேபெக்கின் ஹிஸ்டோகிராம் என்பதால் ரா கோப்பில் அதற்கு மேலும் சிறிது இடம் இருக்கும். சுவர் இலேசாக மினுக்கினால் பயப்பட வேண்டாம். முற்றத்தில் இருக்கும் பித்தளை அண்டாவின் விளிம்பில் சூரியன் நேராகத் தெறிக்கும் புள்ளி வெளுத்துப் போனால் போகட்டும். அதைக் காப்பாற்ற இன்னும் இரண்டு படம் எடுப்பது வீண். வெளுக்காத தெறிப்பு பித்தளைபோல் தெரியாது, பழுப்பு பெயின்ட்போல் தெரியும்.

இனி இணைப்பு. லைட்ரூமில் மூன்று ரா கோப்புகளையும் தேர்ந்தெடுத்து Photo Merge > HDR போகும்போது, Auto Settings என்பதை எடுத்துவிடுங்கள். அதை விட்டு வைத்தால் இரண்டாவது வேலையையும் மென்பொருளே தொடங்கிவிடும். கிடைப்பது மிதவைப் புள்ளி எண்களில் சேமிக்கப்பட்ட டிஎன்ஜி கோப்பு. இதில் Exposure ஸ்லைடர் வழக்கமான ±5க்குப் பதிலாக ±10 வரை போகும். இணைப்புக் கணக்கு எளிமையானது: ஒவ்வொரு படத்தின் ஒளி அளவையும் அதன் ஷட்டர் நேரத்தால் வகுத்து ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு இடத்திலும் வெளுக்காத படங்களுள் அதிக ஒளி வாங்கிய படத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது. முற்றத்துச் சுவர் 1/500 படத்திலிருந்தும், மூலை 1/8 படத்திலிருந்தும் வருவது இப்படித்தான்.

Deghost விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அசைவு இருக்கும் இடத்தில் அது ஒரே ஒரு படத்தை எடுத்து ஒட்டுகிறது. துளசிச் செடி அசைந்தது என்று High கொடுத்தால், செடியைச் சுற்றியிருக்கும் நிழல் பகுதியையும் குறைந்த எக்ஸ்போஷர் படத்திலிருந்து எடுத்துவிடக்கூடும். பிறகு நிழலைத் தூக்கும்போது அந்த ஓர் இடம் மட்டும் நாய்ஸோடு திட்டாக நிற்கும். மேலே நிறப்பூச்சாக எந்தெந்த இடம் மாற்றப்படுகிறது என்று காட்டும் வசதியை இயக்கிப் பார்த்துவிட்டு, முடிந்தால் None, தவிர்க்க முடியாவிட்டால் Low.

இந்தக் கோப்பு திறந்தவுடன் பார்க்க மந்தமாகவோ, முற்றம் வெளுத்தோ இருக்கும். அதைக் கண்டு பதறித்தான் எல்லோரும் Highlights ஸ்லைடரை −100க்கும் Shadows ஸ்லைடரை +100க்கும் இழுத்து, போதாததற்கு Clarityயையும் Dehazeஐயும் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பிறகு கை தானாக அடங்கும்.

பதினோரு ஸ்டாப்பைச் சுருக்க இரண்டு வழி உண்டு. படம் முழுவதையும் ஒரே வளைகோட்டால் சுருக்கினால் எல்லாமே சப்பென்று ஆகிவிடும். சுவரின் காரை வேறுபாடும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது. அதனால் மென்பொருள்கள் படத்தை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொள்கின்றன: எங்கே வெயில், எங்கே நிழல் என்ற பெரிய ஒளிப்பரப்பு ஓர் அடுக்கு, காரை, மரவரி, ஓட்டின் கோடு போன்ற சிறு விவரம் இன்னோர் அடுக்கு. பெரிய அடுக்கை மட்டும் சுருக்கி, சிறிய அடுக்கைத் தொடாமல் மேலே வைத்தால் இயல்பாக இருக்கும். சிறிய அடுக்கையும் பெருக்கினால், அதாவது Clarityயும் Textureஉம் ஏறினால், சுவரின் ஒவ்வொரு துளைக்கும் தனி நிழல் முளைத்து மொறமொறப்பு வருகிறது. நம் கண்ணுக்கு இது ஏன் பொய்யாகத் தெரிகிறது என்றால், நிழலில் இருக்கும் சுவருக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் மென்மையான ஒளிதான் விழுகிறது. அங்கே சிறு மேடுபள்ளத்துக்கு அழுத்தமான நிழல் இருக்க வாய்ப்பே இல்லை. பக்கவாட்டு வெயிலில் மட்டுமே தெரியக்கூடிய சொரசொரப்பை நிழலுக்குள் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

அடுத்தது விளிம்பில் வரும் ஒளிவட்டம். உங்கள் படத்தில் இருண்ட தேக்குத் தூணுக்குப் பின்னால் வெயில் முற்றம் இருக்கிறது. ஓர் இடம் வெளிச்சமானதா இருண்டதா என்பதை மென்பொருள் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியை வைத்து முடிவு செய்கிறது. தூணின் விளிம்பை ஒட்டிய சுவருக்கு அக்கம்பக்கத்தில் தூணின் இருளும் சேர்ந்துகொள்வதால், அதை இருண்ட பகுதி என்று நினைத்து அவ்வளவாக அடக்காமல் விடுகிறது. ஆகவே அங்கே சுவர் கூடுதலாக ஒளிர்கிறது. தூணின் பக்கம் இதற்கு நேர்மாறு: பக்கத்து வெயிலைச் சேர்த்து எண்ணி, விளிம்பை மட்டும் கறுப்பாக்குகிறது. தூணைச் சுற்றி உள்ளே கரிக்கோடும் வெளியே ஒளிக்கோடும் ஓடுவது இப்படித்தான். படத்தை நூறு சதவீதத்தில் வைத்துத் தேடினால் இது தப்பிவிடும். பெருவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள், உடனே கண்ணில் படும்.

இப்போது உங்கள் கோப்பைப் படிப்படியாகச் செய்வோம். முதலில் முற்றத்தை மறந்துவிட்டு, தாழ்வாரம் மங்கலாக, ஆனால் படிக்கும்படியாகத் தெரியும் அளவுக்கு Exposureஐ மட்டும் ஏற்றுங்கள். தாழ்வாரத்துச் சுவரின் மேல் சுட்டியை வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே 25 சதவீதம் அளவில் காட்டட்டும். நாற்பது ஐம்பதுக்குப் போக வேண்டாம்; போனால் தாழ்வாரத்துக்குள் யாரோ குழல்விளக்கு போட்டதுபோல் ஆகிவிடும். இப்போது முற்றம் வெளுத்திருக்கும். Highlightsஐ −40 முதல் −60 வரை மட்டும் இறக்குங்கள். மீதியை ஒரு மாஸ்க்கால் செய்ய வேண்டும்: முற்றம் முழுவதையும் மூடும் ஒரு பெரிய, மிக மென்மையான ஓரமுள்ள மாஸ்க்கைப் போட்டு, ஒளி அளவால் வெட்டும் வசதியைக் கொண்டு வெளிச்சப் பகுதிக்கு மட்டும் அது பொருந்தும்படி செய்து, Exposureஐ ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறையுங்கள். மாஸ்க்குக்குள் இருக்கும் எல்லா இடமும் ஒரே அளவில் இறங்குவதால் சுவரின் காரையும் ஆத்தங்குடி ஓட்டின் கோலமும் தங்களுக்குள் இருந்த வேறுபாட்டை இழக்காது, மிகையாகவும் ஆகாது. மேலே சொன்ன பெரிய அடுக்கை மட்டும் சுருக்குவது என்பதை இங்கே நீங்களே கையால் செய்கிறீர்கள்.

வெயில் விழும் சுவர் எங்கே நிற்க வேண்டும்? 92 முதல் 95 சதவீதத்தில். பலர் இதை 75க்கு இறக்கி, பார், எல்லா விவரமும் வந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். ஒருமுறை ஒரு விடுதிக்காரருக்கு நான் அப்படி ஒரு படத்தைக் கொடுத்தேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு சார், ஆனா வெயிலே அடிக்கலையே?” என்றார். சுவர் சாம்பலாக இருந்தது. தரையில் மட்டும் தூணின் நிழல் பளிச்சென்று விழுந்திருந்தது. வெயில் இல்லாத இடத்தில் நிழல் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சுவர் 93இலும் தாழ்வாரம் 25இலும் நின்றால், திரையில் இரண்டுக்கும் இடையே சுமார் நான்கு ஸ்டாப் வேறுபாடு இருக்கும். நேரில் இருந்ததைவிட இது மிகக் குறைவுதான். ஆனால் எது வெளிச்சம், எது இருள் என்ற வரிசை மாறாமல் இருப்பதால் கண் ஏற்றுக்கொள்கிறது. அந்த வரிசையை மட்டும் எங்கேயும் மாற்றாதீர்கள். நிழலில் இருக்கும் வெள்ளைத் துண்டு வெயிலில் இருக்கும் செந்நிறத் தரையைவிட ஒளிர்ந்தால் படம் அங்கேயே உடைந்துவிடும்.

அதன் பிறகு Shadowsஐ +20 அல்லது +30, அதற்கு மேல் வேண்டாம். Clarity பூச்சியம், தாழ்வாரத்துக்குள் மட்டும் −5 முதல் −10 கொடுத்தால் நிழலின் மென்மை திரும்ப வரும். கதவிடுக்கு, உத்தரத்தின் மேற்பக்கம் போன்ற ஓரிரு இடங்கள் முழுக் கறுப்பாகவே இருக்கட்டும். கறுப்பே இல்லாத படம் புகை படிந்ததுபோல் இருக்கும். அதைச் சரிசெய்யப் போய்த்தான் மறுபடியும் கான்ட்ராஸ்ட் ஏற்றுகிறோம்.

நிறத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாழ்வாரத்துக்குள் வரும் ஒளியில் ஒரு பகுதி வானத்திலிருந்து வரும் நீலம், இன்னொரு பகுதி செந்தரையில் பட்டுத் திரும்பும் சிவப்பு. இருளாக இருந்தவரை இவை கண்ணை உறுத்தவில்லை. தூக்கியவுடன் சுவரின் மேற்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி ஆரஞ்சாகவும் கத்தும். தாழ்வாரத்து மாஸ்க்கில் Saturationஐ −10 முதல் −15 வரை இறக்கினால் அடங்கும். முழுக்க நீக்கிவிடாதீர்கள்; அந்தச் செம்மைதான் முற்றத்தில் வெயில் அடிக்கிறது என்பதற்குச் சாட்சி.

எத்தனை படம் எடுத்தாலும் தீராத ஒரு குறை உண்டு. வெயில் முற்றம் சட்டத்துக்குள் இருக்கும்போது, லென்ஸின் கண்ணாடிகளுக்குள் சிதறும் ஒளி படம் முழுவதும் மெல்லிய வெள்ளைத் திரையாகப் படிகிறது. வெயிலில் அது தெரியாது. இருண்ட மூலையில் அங்கே உண்மையில் இருக்கும் ஒளியைவிட இந்தச் சிதறல் அதிகமாகக்கூட இருக்கலாம். நீண்ட எக்ஸ்போஷர் மூலையையும் சிதறலையும் சேர்த்தே கூட்டுவதால் அதனால் பயனில்லை. பால் கலந்ததுபோல் தெரியும் அந்த நிழலைப் பார்த்து Dehazeஐ ஏற்றுபவர்கள்தான் மிக மோசமான மொறமொறப்பில் போய் முடிகிறார்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் விரல்ரேகையையும் தூசியையும் துடையுங்கள், பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றுங்கள், வானம் தெரியும் மேல்பகுதி எடுக்கும்போதே சட்டத்துக்குள் அதிகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையின் கறுப்பு தானாக இறங்குவதைக் காண்பீர்கள்.

லைட்ரூம் இல்லாதவர்கள் Hugin என்ற இலவச மென்பொருளோடு வரும் enfuse கருவியைப் பயன்படுத்தலாம். 2007இல் மெர்டன்ஸ், கவுட்ஸ், வான் ரீத் ஆகிய மூவர் முன்வைத்த முறையைச் சார்ந்தது அது. இடையில் எச்டிஆர் கோப்பு எதையும் உண்டாக்காமல், ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படம் நடுத்தர வெளிச்சத்தில் இருக்கிறதோ அதற்கு எடை கூட்டி, தையல் தெரியாமல் கலந்துவிடுகிறது. மூன்று ரா கோப்புகளையும் ஒரே ஒயிட் பேலன்ஸில், வேறு எந்தத் திருத்தமும் இல்லாமல் டிஃப் கோப்புகளாக்கிவிட்டு, இப்படி இயக்க வேண்டும்:

```
align_image_stack -a al_ -C k1.tif k2.tif k3.tif
enfuse -o mutram.tif al_0000.tif al_0001.tif al_0002.tif
```

இதில் விவரத்தைப் பெருக்கும் கட்டமே இல்லாததால் மொறமொறப்பு பெரும்பாலும் வராது. இதன் குறை வேறு: எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுப்பதால் படம் சற்றுத் தட்டையாக இருக்கும், வெயில் சுவர் அடங்கிப்போகும். முடிவில் மெல்லிய வளைகோடு ஒன்றைப் போட்டுச் சுவரை மேலே தள்ளிக்கொள்ளலாம்.

அதே வீட்டுக்கு மறுபடி போக வாய்ப்பிருந்தால், காலை எட்டு மணிக்குள் போங்கள். வெயில் முற்றத்துத் தரையைத் தொடாமல் மேல்மாடிச் சுவரின் உச்சியில் மட்டும் இருக்கும் அந்த நேரத்தில், முற்றத்துக்கும் மூலைக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று ஸ்டாப் குறைந்திருக்கும். இரண்டு படங்களை இணைத்தாலே வேலை முடிந்துவிடும். தரையில் விழும் தூணின் நிழல் மட்டும் அப்போது கிடைக்காது. அது வேண்டுமென்றால் பதினொரு மணிதான், மூன்று படம்தான்.